வெள்ளவத்தை ஃப்ளாட்டுக்கு 20 வருடக் கணக்கு: வாடகையா, சொந்தமா?

"வாடகைக் காசு போனால் போனதுதான். கடன் கட்டினால் வீடாவது மிஞ்சும்." கொழும்பில் வீட்டுப் பேச்சு எடுத்த இடமெல்லாம் இந்த வாக்கியம் வந்துவிடும். அதில் பாதி உண்மை. மாதம் 1 இலட்சத்து 20 ஆயிரம் வாடகை கொடுப்பவர், வாடகை வருடம் 6 சதவீதம் ஏறினால், 20 வருடத்தில் கிட்டத்தட்ட 5 கோடியே 30 இலட்சம் கொடுத்து முடிப்பார். அந்தக் காசுக்கு ஒரு கல்லும் அவர் பேரில் இருக்காது. ஆனால் வீடு வாங்கியவரிடமிருந்தும் திரும்பி வராமல் போகிற காசு உண்டு. வங்கி வட்டி, முத்திரை வரி, மெயின்டனன்ஸ், ஆதன வரி, முன்பணமாகப் போட்ட தொகை வேறிடத்தில் ஈட்டியிருக்கக்கூடிய வட்டி எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். இரண்டு பக்கத்துப் போன காசையும் ஒரே தராசில் வைத்தால்தான் விடை தெரியும். அதை ஒரே ஒரு வீட்டை வைத்து முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒரு ஒழுங்கையில், 1,000 சதுர அடியில் மூன்று அறை ஃப்ளாட் என்று வைத்துக்கொள்வோம். விலை 4 கோடி. அதே கட்டடத்தில் அதே அளவு ஃப்ளாட்டின் வாடகை மாதம் 1 இலட்சத்து 20 ஆயிரம், மெயின்டனன்ஸ் அதற்குள் அடக்கம். இவை உதாரணத்துக்கான எண்கள். நீங்கள் பார்க்கும் வீட்டின் எண்களை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: வாடகையும் விலையும் ஒரே தரத்து வீட்டுக்கு உரியவையாக இருக்க வேண்டும். தெஹிவளையில் இரண்டு அறை வாடகையையும் வெள்ளவத்தையில் மூன்று அறை விலையையும் ஒப்பிட்டுவிட்டு "வாடகைதான் மலிவு" என்பவர்கள் நிறையப் பேர். அது வீட்டைச் சுருக்கியதால் வந்த மலிவு.

முதலில் வாங்குகிறவரின் பக்கம். 4 கோடியில் 1 கோடி 60 இலட்சம் கைக்காசு, மிச்சம் 2 கோடி 40 இலட்சம் கடன். மேல் மாகாணத்தில் காணி, வீடு கைமாறும்போது வாங்குபவர் கட்டும் முத்திரை வரி முதல் 1 இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். இந்த ஃப்ளாட்டுக்கு அது 15 இலட்சத்து 99 ஆயிரம். உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு 1 சதவீதம் என்று 4 இலட்சம் வைப்போம். வங்கியின் மதிப்பீட்டுக் கட்டணம், ஈட்டு உறுதிச் செலவு, கடன்காரர் இறந்தால் கடனை அடைக்கும் காப்புறுதி எல்லாவற்றுக்கும் சேர்த்து 5 இலட்சம். ஆக, சாவி கைக்கு வருவதற்கு முன்பே கையிலிருந்து 1 கோடி 85 இலட்சம் போயிருக்கும். அதில் 25 இலட்சம் வீட்டின் விலையில் சேராத காசு. வீட்டை விற்றாலும் அது திரும்பாது. ஐந்து வருடத்துக்குள் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போகும் யோசனை இருந்தால் இந்த 25 இலட்சமும், விற்கும்போது புரோக்கருக்குப் போகும் 3 சதவீதமும் மட்டுமே வாங்குவதை நட்டமாக்கப் போதும்.

கடனுக்கு 11 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 2 இலட்சத்து 47 ஆயிரத்து 700. வருடத்துக்கு 29.73 இலட்சம். இதற்கு மேல் மெயின்டனன்ஸ் மாதம் 15 ஆயிரம், ஃப்ளாட்டுக்குள் வரும் திருத்த வேலைகளுக்கு சராசரியாக 10 ஆயிரம், ஆதன வரிக்கும் தீக் காப்புறுதிக்கும் 5 ஆயிரம். ஆக மாதம் 30 ஆயிரம். இதுவும் வருடம் 6 சதவீதம் ஏறும் என்று வைக்கிறேன். மத்திய வங்கியின் பணவீக்க இலக்கு 5 சதவீதம்தான், ஆனால் இந்த நாட்டின் பழைய அனுபவத்தைப் பார்த்தால் அதற்குக் கொஞ்சம் மேலே வைப்பதே புத்தி.

வாடகைக்காரரின் பக்கம் சுருக்கமானது. முதல் வருட வாடகை 14.40 இலட்சம். நாலு வருடத்துக்கு ஒருமுறை வீடு மாற வேண்டி வந்தால், புரோக்கர், லொறி, பெயின்ட் என்று ஒவ்வொரு முறையும் ஒன்றரை மாத வாடகை போகும். அதைப் பரப்பிப் பார்த்தால் வருடச் செலவு 14.85 இலட்சமாகிறது. இதுவும் 6 சதவீதம் ஏறும்.

இனித்தான் பலர் தவறவிடும் இடம். இரண்டு பேரும் ஒரே அளவு காசோடு ஆரம்பித்து, ஒவ்வொரு வருடமும் ஒரே அளவு காசைச் செலவழிக்க வேண்டும். வாங்கியவர் 1 கோடி 85 இலட்சத்தை வீட்டில் போட்டால், வாடகைக்காரர் அதே தொகையை வைப்பில் போடுகிறார். முதல் வருடம் வாங்கியவருக்கு 33.33 இலட்சம் செலவு, வாடகைக்காரருக்கு 14.85 இலட்சம். அந்த 18.48 இலட்ச வித்தியாசத்தையும், அதாவது மாதம் 1 இலட்சத்து 54 ஆயிரத்தையும், வாடகைக்காரர் வைப்பில் சேர்க்கிறார். தவணை அசையாமல் நிற்க வாடகை ஏறிக்கொண்டே போவதால் வித்தியாசம் வருடா வருடம் சுருங்கும். 18ஆம் வருடத்தில் வாடகைக்காரரின் செலவு மற்றவரைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு வைப்பிலிருந்து எடுத்துத்தான் வாடகை கட்டவேண்டும்.

வைப்புக்கு என்ன வட்டி? 9 சதவீத நிலையான வைப்பு என்றும், அதில் 2025 ஏப்ரலிலிருந்து அறவிடப்படும் 10 சதவீத முற்பண வரி போகக் கையில் 8 சதவீதம் அளவு நிற்கும் என்றும் வைப்போம். இதை ஒரு விரிதாளில் போட 20 வரி போதும்:

```
மாதத் தவணை:        =PMT(0.11/12, 240, -24000000)
வாங்கியவர் (B):     =2973000 + 360000*1.06^(A2-1)
வாடகைக்காரர் (C):   =1485000*1.06^(A2-1)
வைப்பு, 1ஆம் வருடம் (D2): =18500000*1.08 + (B2-C2)
வைப்பு, அடுத்து (D3):     =D2*1.08 + (B3-C3)
```

A நிரலில் 1 முதல் 20 வரை வருடங்கள், இரண்டாவது வரியிலிருந்து. கடைசி வரியில் D நிரல் காட்டும் தொகை ஏறத்தாழ 14 கோடியே 5 இலட்சம். 20 வருடம் வாடகை கட்டியவர் கையில் நிற்பது அதுதான். வாங்கியவர் கையில் நிற்பது கடன் தீர்ந்த ஒரு ஃப்ளாட். கேள்வி இப்போது ஒன்றாகச் சுருங்கிவிட்டது: அந்த ஃப்ளாட் அன்று என்ன விலை போகும்?

3 சதவீத புரோக்கர் கழிவு போக அது 14.05 கோடிக்குச் சமமாக வேண்டுமென்றால், விலை 20 வருடமும் சராசரியாக வருடம் 6.6 சதவீதம் ஏறியிருக்க வேண்டும். "கொழும்பில் காணி விலை எப்பவும் ஏறும்தானே" என்பார்கள். காணி ஏறும். ஆனால் நீங்கள் வாங்குவது காணி மட்டுமா?

ஃப்ளாட்டை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். 20 பேர்ச் காணியில் 20 ஃப்ளாட் நிற்கிறதென்றால் உங்களுக்குரிய பிரிக்கப்படாத பங்கு ஏறத்தாழ ஒரு பேர்ச். அந்த ஒழுங்கையில் பேர்ச் 1 கோடி 20 இலட்சம் போனால், உங்கள் 4 கோடியில் காணி 1.2 கோடி, மிச்சம் 2.8 கோடி கொங்கிரீட்டும் லிஃப்டும் குழாயும். காணி வருடம் 8 சதவீதம் ஏறட்டும். 20 வருடத்தில் அது 5.59 கோடி. கட்டடத்தைப் புதிதாகக் கட்டும் செலவு பணவீக்கத்தோடு 6 சதவீதம் ஏறினாலும், உங்கள் கட்டடம் வருடம் 2 சதவீதம் பழசாகிறது. ஆக நிகரம் 4 சதவீதம், அது 6.14 கோடி. இரண்டும் சேர்ந்து 11.73 கோடி. அதாவது காணி 8 சதவீதம் ஓடினாலும் ஃப்ளாட் ஓடுவது 5.5 சதவீதம்தான். தனி வீட்டில் காணியின் பங்கு பெரிது, அங்கே கணக்கு வேறு. உயரமான கட்டடம் ஆக ஆக ஒவ்வொருவரின் காணிப் பங்கும் குறைந்துகொண்டே போகும். ஆகவே ஃப்ளாட் பார்க்கப் போனால் நான் முதலில் கேட்கச் சொல்வது: எத்தனை பேர்ச், எத்தனை ஃப்ளாட்? டைல்ஸ், பென்ட்ரி எல்லாம் பிறகு பார்க்கலாம்.

புரோக்கர் கழிவு போக வாங்கியவருக்கு 11.38 கோடி, வாடகைக்காரருக்கு 14.05 கோடி. வித்தியாசம் 2.67 கோடி, 6 சதவீத விலையேற்றத்தைக் கழித்தால் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 83 இலட்சம். "அப்போ அவருக்கு இருக்க வீடில்லையே" என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அன்று அவர் அதே ஃப்ளாட்டை 11.73 கோடிக்கு வாங்கி, முத்திரை வரியும் நொத்தாரிசுக் காசும் கட்டி, கையில் ஒன்றே முக்கால் கோடி வைத்திருக்கலாம்.

இதை வைத்து "ஃப்ளாட் வாங்குவது நட்டம்" என்று முடிவுகட்டினால் அது அவசரம். அதே வீட்டை, கடனே இல்லாமல் முழுக் காசுக்கு வாங்குபவரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அவர் போடுவது 4 கோடி 20 இலட்சம், வங்கிச் செலவு இல்லை. வாடகைக்காரர் அந்த 4.2 கோடியை வைப்பில் போட்டு, வாடகைக்கும் மெயின்டனன்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிலிருந்து எடுத்துவந்தால் 20 வருட முடிவில் அவரிடம் 11.40 கோடி. வாங்கியவரிடம் 11.38 கோடி. சரிசமம்! வீட்டில் எதுவும் மாறவில்லை. 2.67 கோடியைத் தின்றது கடன். வங்கியிடம் 11 சதவீதத்துக்கு எடுத்த காசு, 5.5 சதவீதம் ஏறும் பொருளில் போய் உட்கார்கிறது. வாடகை மிச்சமாவது அந்த இடைவெளியில் ஒரு பகுதியைத்தான் நிரப்புகிறது. தோராயமாகச் சொன்னால், இந்த வீட்டுக்கு எடுக்கும் ஒவ்வொரு 10 இலட்சம் கடனும் இன்றைய மதிப்பில் மூன்றரை இலட்சத்தைக் கொண்டுபோகிறது.

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் விலைக்கும் வாடகைக்கும் ஏன் இவ்வளவு தூரம் என்பதும் இதிலிருந்து விளங்கும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் உழைத்த காசில் அம்மா அப்பாவுக்கு வாங்குபவர்களும், மகளின் சீதனத்துக்கு வாங்குபவர்களும் பெரும்பாலும் ரொக்கத்துக்கு வாங்குகிறார்கள். வாடகை எத்தனை சதவீதம் வரும் என்று அவர்கள் பார்ப்பதில்லை. அவர்கள் கொடுக்கத் தயாரான விலையை, கொழும்பில் சம்பளம் எடுத்து 11 சதவீதத்துக்குக் கடன் வாங்குபவரும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஃப்ளாட், இருவருக்கும் ஒரே விலை, ஆனால் கணக்கு ஒன்றல்ல. பக்கத்து வீட்டார் வாங்கி நல்லாயிருக்கிறார்கள் என்பது உங்களுக்கு ஆதாரமாகாது. அவர்கள் என்ன காசில் வாங்கினார்கள் என்று தெரிய வேண்டும்.

11 சதவீதம் 20 வருடமும் 11 ஆகவே நிற்கும் என்பதும் ஒரு ஊகம்தான். நம்முடைய வங்கிகள் வீட்டுக் கடனை முதல் சில வருடங்களுக்கு மட்டும் நிலையான வட்டியில் தந்துவிட்டு, பிறகு சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதத்தோடு கட்டிவிடுவது வழக்கம். வங்கிக்காரர் ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். என்று சொல்வது அதைத்தான். 2021 முடிவில் அது 9 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. 2022 முடிவில் 27 சதவீதத்தைத் தாண்டியது. 2023 முடிவில் 12 அளவுக்கு இறங்கியது. நம் உதாரணத்தில் ஒரு வருடம் கட்டிய பிறகு மிச்சக் கடன் 2 கோடி 36 இலட்சத்துக்குச் சற்று மேல். அந்த நேரம் வட்டி 24 சதவீதமானால் மாத வட்டி மட்டும் 4 இலட்சத்து 70 ஆயிரம். 2 இலட்சத்து 48 ஆயிரம் கட்டத் திட்டமிட்ட குடும்பம் அதை எங்கிருந்து கட்டும்? தவணையை உயர்த்தாமல் விட்டால் கட்டாத வட்டி கடனோடு சேர்ந்து கடன் வளரும். இப்படி மாட்டுப்படுகிறவர் வீட்டை விற்கத் தேடும் நேரத்தில், வாங்குகிறவனுக்கும் கடன் கிடைக்காது.

ஆகவே கடன் கடிதத்தில் மூன்று விஷயங்களைத் தேடிப் பிடியுங்கள்: நிலையான வட்டி எத்தனை வருடம், அதற்குப் பின் அந்த வீதத்துக்கு மேல் வங்கி எவ்வளவு கூட்டும், இடையில் மொத்தமாகக் கட்டினால் எத்தனை சதவீதம் தண்டம். தண்டம் குறைவான கடனில் போனஸ் காசையும் சீட்டுக் காசையும் அடிக்கடி இறக்கிக் கடனைச் சுருக்கலாம், அதுதான் மேலே சொன்ன இழப்பை நேரடியாகக் குறைக்கும் வழி. வட்டி 20 வருடச் சராசரியில் 9 ஆக அமைந்தால் ஃப்ளாட் விலை 5.9 சதவீதம் ஏறினாலே கணக்கு சமமாகும். 13 ஆனால் 7.3 சதவீதம் ஏற வேண்டும்.

வாடகைப் பக்கமும் இதே அளவு பலவீனமானது. இரண்டு இடங்களில் அது உடையும்.

ஒன்று, வைப்பின் நிகர வட்டி. 10 சதவீத முற்பண வரி கடைசி வரியல்ல. வைப்பு வட்டியும் உங்கள் வருமானத்தோடு சேரும். 36 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 9 சதவீத வைப்பில் மிஞ்சுவது 5.8 சதவீதம்தான். நிகர வட்டி 6 ஆக இருந்தால் வாடகைக்காரரின் பெட்டி 10.06 கோடியோடு நின்றுவிடும், வாங்கியவர் முந்திவிடுவார். இந்த உதாரணத்தில் எல்லைக்கோடு 6.7 சதவீதம் அளவில் இருக்கிறது. பெரிய சம்பளக்காரர், வைப்பைத் தவிர வேறு முதலீடு தெரியாதவர் என்றால் வாங்குவதன் பக்கம் தராசு சாய்கிறது. சொந்த வீட்டில் குடியிருப்பதால் மிஞ்சும் வாடகைக்கு வரி இல்லை என்பதும் இங்கே உதவுகிறது.

இரண்டாவது, 1 இலட்சத்து 54 ஆயிரத்தில் தொடங்கும் அந்த மாத மிச்சம். அதை உண்மையிலேயே, 17 வருடம், மாதம் தவறாமல் சேர்க்க வேண்டும். முன்பணத்தை மட்டும் தொடாமல் வைத்துவிட்டு மாத மிச்சத்தைச் செலவழித்தால் 20 வருட முடிவில் இருப்பது 8.62 கோடி. வாங்கியவரின் 11.38 கோடி அதைத் தோற்கடித்துவிடும். வங்கித் தவணை ஒருவரைக் கட்டாயப்படுத்திச் சேர்க்க வைக்கிறது, வாடகை அப்படிச் செய்யாது. உங்கள் வங்கிப் புத்தகத்தின் கடந்த மூன்று வருடத்தைத் திறந்து பாருங்கள். மாதம் ஒன்றரை இலட்சம் மிஞ்சியதற்கான தடயம் இல்லையென்றால், 14.05 கோடி உங்களுக்கான எண் அல்ல.

இனி, விரிதாளில் வராத செலவு. கடலோரக் கட்டடத்தில் உப்புக் காற்று கம்பியைத் தின்னும். துருப்பிடித்த கம்பி வீங்கி கொங்கிரீட்டைப் பிளக்கும். ஃப்ளாட்டுக்குள் புதுப் பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம். ஆகவே கீழே கார் நிறுத்துமிடத்தின் சீலிங்கையும், மொட்டை மாடித் தண்ணீர்த் தாங்கியின் அடியையும், பால்கனி விளிம்பின் கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள். செம்மண் நிறக் கோடுகள், உரிந்து விழுந்த துண்டுகள், புதிதாகப் பூசிய சீமெந்துத் திட்டுகள் இருந்தால் பெரிய செலவு வந்துகொண்டிருக்கிறது. லிஃப்டுக்கு 20 வயது நெருங்கினாலும் அப்படித்தான். நிர்வாகக் குழுவின் மூன்று வருடக் கணக்கைக் கேளுங்கள். மாதக் கட்டணம் ஆச்சரியப்படுமளவுக்குக் குறைவாக இருந்து, சேமநிதியும் இல்லையென்றால், லிஃப்ட் நின்ற மாதம் எல்லோரிடமும் மொத்தமாக வாங்குவார்கள். பத்தாம் வருடம் அப்படி 10 இலட்சம் கேட்டால், 20 வருட முடிவில் அது வாடகைக்காரர் பக்கம் 21.6 இலட்சம் கூட்டும்.

உறுதியின் பக்கம் ஒரே விஷயம்: கட்டடத்துக்கு இணக்கச் சான்றிதழும் பதிவு செய்த கொண்டோமினியம் பிளானும் இல்லாமல் உங்கள் ஃப்ளாட்டுக்குத் தனி உறுதி வராது. "ஆறு மாசத்தில வந்திடும்" என்ற பேச்சை நம்பி முழுக் காசையும் கொடுத்தால், வங்கியில் ஈடு வைக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. உங்கள் சொந்தச் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் தேடிய பிறகுதான் அட்வான்ஸ். விற்பவரின் சட்டத்தரணியே போதும் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

விலை பேசும்போது பிடித்துக்கொள்ள இரண்டு எண்கள். 60 சதவீதக் கடன், 11 சதவீத வட்டி, கையில் 8 சதவீத வைப்பு என்ற இதே நிலையில், 4 கோடி ஃப்ளாட்டுக்கு சமமான வாடகை மாதம் 1 இலட்சத்து 50 ஆயிரம். அதே தர வீடு அதற்கு மேல் வாடகை போகிறதென்றால் வாங்குங்கள். வாடகை 1 இலட்சத்து 20 ஆயிரத்திலேயே நிற்கிறதென்றால், சமமான விலை 3 கோடி அளவில் இருக்கிறது. விற்பவர் 4 கோடியிலிருந்து 3 கோடி 80 இலட்சத்துக்கு இறங்கி வந்து "உங்களுக்காகத்தான் தாறன்" என்றாலும், அந்த 20 இலட்சம் நிரப்ப வேண்டிய இடைவெளியில் ஐந்தில் ஒன்றுதான்.